ரோஷத்துக்குக் கீழே ஒளிந்திருக்கும் வார்த்தை



இல்லற வாழ்வில் பலரும் அனுபவிக்கின்ற, ஆனால் எவரும் வாய் திறந்து பேசத் தயங்குகின்ற ஒரு விடயத்தை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். கணவன் வேலை செய்யும் இடத்தில் அழகும் அறிவும் உள்ள ஒரு பெண் இருக்கிறாள். மனைவி கற்பிக்கும் பாடசாலையில் மிடுக்கான ஓர் ஆசிரியர் இருக்கிறார். அவர்களுடைய பெயர் வீட்டில் இரண்டு தடவை உச்சரிக்கப்படுகின்றது. மூன்றாவது தடவை அப்பெயர் வரும்போது கேட்டுக்கொண்டிருப்பவரின் நெஞ்சில் ஒரு முள் தைக்கின்றது. அந்த முள்ளைப் பற்றித்தான் பேசப் போகின்றேன்.

இதனைப் பொறாமை என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகின்றோம். பிறரிடம் உள்ள நிஃமத் அழிய வேண்டும் என்று நினைப்பது ஹஸத், அது வேறு. தனக்குரியவர் தன்னைவிட்டுப் போய்விடுவாரோ என்று உள்ளம் துடிப்பதை அரபியில் ‘கீரா’ என்பார்கள். தமிழில் ரோஷம் என்கின்றோம். இது இயல்பிலேயே இழிவான குணமல்ல. அல்லாஹ் விரும்புகின்ற ரோஷமும் உண்டு, அவன் வெறுக்கின்ற ரோஷமும் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் பிரித்துக் காட்டியதாக அபூதாவூதில் ஒரு ஹதீஸ் இருக்கின்றது. ஐயப்படுவதற்கு உண்மையான காரணம் இருக்கும் இடத்தில் எழுவது முதலாவது வகை. காரணம் எதுவும் இல்லாத இடத்தில் எழுவது இரண்டாவது வகை. இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்பதில்தான் நாம் தடுமாறுகின்றோம். ஏனெனில் நெஞ்சில் தைக்கும் முள் இரண்டு வகையிலும் ஒன்று போலவே வலிக்கின்றது.

ரோஷக்காரர் என்று பெயர் பெற்ற ஒரு ஸஹாபியின் வீட்டுக்குள் சற்று எட்டிப் பார்ப்போம். அவர் ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரழி). அவருடைய மனைவி அபூபக்ர் (ரழி) அவர்களின் மகள் அஸ்மா (ரழி). அந்த அம்மையாரே தம் வாயால் சொன்ன நிகழ்ச்சி இது. ஸஹீஹுல் புகாரியில் திருமணத்தைப் பற்றிய பகுதியில், ரோஷம் என்ற தலைப்பின் கீழேயே இமாமவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

அவர்கள் ஏழைகள். நீர் இறைக்கும் ஓர் ஒட்டகத்தையும் ஒரு குதிரையையும் தவிர ஸுபைரிடம் சொத்து இருக்கவில்லை. குதிரைக்குத் தீனி வைப்பதும், தண்ணீர் கொண்டுவருவதும், தோல் வாளியைத் தைப்பதும், மாவு பிசைவதும் அஸ்மாவின் வேலை. அம்மையாருக்கு ரொட்டி நன்றாகச் சுட வராது. அயல் வீட்டு அன்ஸாரிப் பெண்கள் சுட்டுக் கொடுப்பார்களாம். ஸுபைருக்குக் கிடைத்திருந்த நிலம் வீட்டிலிருந்து மூன்றில் இரண்டு ஃபர்ஸக் தொலைவில் இருந்தது. நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டு கட்டை. அங்கிருந்து பேரீச்சங்கொட்டைகளைப் பொறுக்கித் தலையில் சுமந்து வருவார்கள். நம் தோட்டத்துச் சகோதரிகள் கொழுந்துச் சுமையோடு மலைப்பாதையில் இறங்கி வருவதை அன்றாடம் காணும் உங்களுக்கு இந்தக் காட்சியை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒருநாள் அப்படி வரும்போது நபி (ஸல்) அவர்களும் அன்ஸாரிகள் சிலரும் எதிர்ப்படுகிறார்கள். அவரைத் தமக்குப் பின்னால் ஏற்றிக்கொள்வதற்காக நபியவர்கள் ஒட்டகத்தை மண்டியிடச் செய்கிறார்கள். அஸ்மாவோ ஆண்களோடு சேர்ந்து செல்ல வெட்கப்படுகிறார். தம் கணவருடைய ரோஷமும் நினைவுக்கு வருகின்றது. அவருடைய தயக்கத்தைக் கண்டுகொண்ட நபியவர்கள் மேலும் வற்புறுத்தாமல் சென்றுவிடுகிறார்கள்.

அதன் பின்னர் நடந்ததைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அஸ்மா வீட்டுக்கு வந்ததும், யாரைக் கண்டேன், யார் உடன் இருந்தார்கள், என்ன நடந்தது, நான் ஏன் ஏறவில்லை என்பதையெல்லாம் கணவரிடம் சொல்லிவிடுகிறார். “உங்களுடைய ரோஷத்தை நினைத்துத்தான் ஏறவில்லை” என்பதையும் மறைக்கவில்லை. ஸுபைர் என்ன பதில் சொன்னார்? நீ அவர்களோடு ஏறி வந்திருந்தாலும் பரவாயில்லை, இந்தக் கொட்டைச் சுமையை நீ தலையில் சுமக்கின்றாயே, அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை என்ற கருத்தில் பேசினார். சில காலத்தின் பின் அபூபக்ர் (ரழி) அவர்கள் குதிரையைப் பார்த்துக்கொள்ள ஒரு பணியாளரை அனுப்பி வைத்தார்கள். தமக்கு விடுதலையே கிடைத்தது போல் இருந்தது என்கிறார் அந்த அம்மையார்.

நேயர்களே, இதைச் சற்று நிதானமாகக் கவனியுங்கள். ரோஷக்காரர் என்று ஊரே அறிந்த மனிதர். மனைவியும் அவருக்கு அஞ்சியே நடந்துகொள்கிறார். ஆனால் பேச்சு என்று வந்தபோது அவர் நெஞ்சிலிருந்து வெளிவந்தது, “என் மனைவியை நான் இவ்வளவு கஷ்டப்படுத்துகின்றேனே” என்ற வேதனைதான். அஸ்மா அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், கணவருக்குள் இப்படியொரு வேதனை இருப்பதை அவர் அறியாமலேயே அவருடைய ரோஷத்துக்கு மட்டும் பயந்துகொண்டு வாழ்ந்திருப்பார். நம் வீடுகளிலும் ரோஷத்துக்குக் கீழே பெரும்பாலும் வேறொரு வார்த்தை ஒளிந்திருக்கின்றது. அந்த வார்த்தையைச் சொல்ல வெட்கப்படுவதனால்தான் அதற்குப் பதிலாகக் குற்றச்சாட்டைச் சொல்லுகின்றோம்.

நமது மலையகத்துக்கு வருவோம். பல வீடுகளில் கண்டதையும் கேட்டதையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு குடும்பமாகச் சொல்லுகின்றேன். இன்னார் என்று எவரையும் தேட வேண்டாம்.

ஹட்டன் நகரில் ஒரு சகோதரர் புடவைக்கடை வைத்திருக்கிறார். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு வாப்பாவின் கடையைப் பொறுப்பேற்றவர். மனைவி ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. காலையில் பஸ்ஸில் சந்திவரை சென்று, அங்கிருந்து நான்கு கட்டை தூரம் முச்சக்கர வண்டியில் மேலே ஏற வேண்டும். கூலியைப் பகிர்ந்துகொண்டு மூவர் செல்வார்கள்: இவர், ஒரு மூத்த ஆசிரியை, புதிதாக வந்த பட்டதாரிக் கணித ஆசிரியர். அவர் இளைஞர், பார்க்க இலட்சணமானவர், நகைச்சுவையாகப் பேசக்கூடியவர். ஒருநாள் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் துணியைப் புரட்டிப் பார்த்தபடியே, “உங்கள் வீட்டு டீச்சரும் அந்தப் புதிய சேரும் ஆட்டோவில் போவதைக் கண்டேன்” என்றார். அவ்வளவுதான். அவர் துணி வாங்காமலே போய்விட்டார். சொல்லை மட்டும் விட்டுச் சென்றுவிட்டார்.

அன்று முதல் சகோதரர் பாடசாலை விடும் நேரத்துக்குத் தொலைபேசி எடுக்கத் தொடங்கினார். “எங்கே இருக்கிறாய்? யார் பக்கத்தில்?” பின்னர் மனைவி தூங்கியதும் கைத்தொலைபேசியைத் திறந்து வட்ஸ்அப் பார்க்கலானார். பாடசாலைக் குழுவில் கணித ஆசிரியர் ஏதோ வேடிக்கையாக எழுதியிருக்க, மனைவி சிரிக்கும் முகமொன்றை இட்டிருந்தார். அதிலிருந்து ஒரு சண்டை. இரண்டு வாரத்தில் மனைவி என்ன செய்தார் தெரியுமா? சண்டைக்குப் பயந்து செய்திகளை அழிக்க ஆரம்பித்தார். வீட்டில் அந்த ஆசிரியரின் பெயரைச் சொல்வதையே நிறுத்திக்கொண்டார். அழிக்கப்பட்ட செய்தியின் அடையாளத்தைக் கணவர் கண்டார். “குற்றம் இல்லையென்றால் ஏன் அழிக்க வேண்டும்?” என்று கேட்டார்.

விசாரணை மறைப்பை உண்டாக்குகின்றது. அந்த மறைப்பு குற்றத்துக்கு ஆதாரமாகிவிடுகின்றது. துப்பறிபவர் தாமே உண்டாக்கிய தடயத்தைத் தாமே கண்டுபிடிக்கிறார். எண்ணங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்ந்துகொள்ளுமாறும், துருவித் துருவி ஆராய வேண்டாம் என்றும் ஸூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனத்தில் அல்லாஹ் அடுத்தடுத்துக் கட்டளையிடுவதன் பொருத்தத்தை இங்கே காணலாம். முதலாவதை விட்டுவிட்டால் இரண்டாவதில் போய் விழுவோம். நீண்ட பயணம் போன ஒருவர், மனைவியைச் சந்தேகித்து அவளுடைய குறைகளைப் பிடிப்பதற்காக இரவில் திடீரென வீட்டுக்குள் நுழைவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கின்றது. நள்ளிரவில் மனைவியின் தொலைபேசியைத் திறப்பதும் அந்தத் திடீர் நுழைவுதான். கதவு மட்டும் வேறு.

தமக்கு உண்மையான காரணம் இருக்கின்றதா என்பதை அந்தச் சகோதரர் எப்படி அறிந்திருக்க முடியும்? ஒரு தாளை எடுத்து, கண்ணால் கண்டதை மட்டும் எழுதிப் பார்த்திருக்கலாம். மனைவி மூவராகச் சேர்ந்து ஆட்டோவில் செல்கிறாள். குழுவில் சிரிக்கும் முகம் இட்டாள். இரண்டு வரியோடு தாள் முடிந்துவிடும். “அவள் என்னை மதிப்பதில்லை”, “அவன் அவளை மயக்குகிறான்” என்பவை கண்டவை அல்ல, நினைத்தவை. அவற்றை எழுதும்போதே கை நிற்க வேண்டும்.

தம் மனைவி கறுப்பு நிறக் குழந்தையைப் பெற்றதாக ஒருவர் நபியவர்களிடம் வந்து மறைமுகமாகக் குறை சொன்னார். நபியவர்கள் அவரைக் கண்டிக்கவுமில்லை, அவருடைய மனைவியை விசாரிக்க அழைக்கவுமில்லை. உம்மிடம் ஒட்டகங்கள் உண்டா, அவை என்ன நிறம் என்று விசாரித்தார்கள். சிவப்பு என்றார் அவர். அவற்றில் சாம்பல் நிறமானது ஏதும் உண்டா என்றார்கள். உண்டு என்றார். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, மூதாதையரின் சாயலாக இருக்கலாம் என்று அவரே விடை சொன்னார். உம்முடைய மகனும் அப்படி இருக்கலாமே என்று முடித்துவிட்டார்கள். ஒரே காட்சிக்கு இரண்டாவது விளக்கமும் இருக்கலாம் என்பதை அந்த மனிதர் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டார். சந்தேகப்படுபவர் தம்மைத் தாமே கேட்க வேண்டியதும் இதுதான்: நான் கண்டதற்கு வேறு விளக்கம் இருக்க முடியுமா?

சரி, பேசுவது எப்படி? நேரம் முதலாவது. அந்தச் சகோதரர் இரவு எட்டரை மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்த கையோடு, பிள்ளைகள் பாடம் படித்துக்கொண்டிருக்க, உம்மா பக்கத்து அறையில் இருக்க, வாசலிலேயே தொடங்குவார். பசியோடும் களைப்போடும் தொடங்கிய பேச்சு நன்றாக முடிவதை நான் கண்டதில்லை. பிறர் காதில் விழும் பேச்சு இன்னும் கெடுதி. மனைவி அப்போது கணவனுக்கு மட்டும் பதில் சொல்வதில்லை. மாமியின் முன் தன் மானத்தையும் காக்கப் போராடுகிறாள். விடுமுறை நாளில், சுபஹுக்குப் பின், பிள்ளைகள் எழும்புவதற்கு முன்னர் தேநீரோடு அமர்ந்தால் போதும். முதல் நாளே, “உன்னோடு ஒரு விடயம் பேச வேண்டும், பயப்படும்படி ஒன்றுமில்லை” என்று சொல்லிவைப்பது நல்லது.

இரண்டாவது, முதல் வாக்கியம். “நீ” என்று தொடங்கும் வாக்கியம் பெரும்பாலும் குற்றப்பத்திரிகையாகவே முடியும். “நீ ஏன் அவனோடு சிரித்துச் சிரித்துப் பேசுகிறாய்?” என்பதற்கு உலகில் எந்தப் பெண்ணாலும் விடை சொல்ல முடியாது. நான் சிரிக்கவில்லை என்றால் பொய்யாகும். சிரித்தேன் என்றால் குற்றமாகும். கண்டது ஒன்று, அப்போது நெஞ்சில் தோன்றியது ஒன்று, கேட்க விரும்புவது ஒன்று. மூன்றையும் கலக்காமல் சொல்ல வேண்டும்.

அந்தச் சகோதரர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசினார். தட்டுத் தடுமாறித்தான் பேசினார். “கடைக்கு வந்த ஒருவர் உங்களை ஆட்டோவில் கண்டதாகச் சொன்னார். அன்றிலிருந்து மனம் சரியில்லை. உன் மேல் சந்தேகம் என்று சொல்ல வரவில்லை. அந்தச் சேர் படித்தவர். நான் படிக்கவில்லை. நீ பாடசாலைக் கதையைச் சொல்லும்போது எனக்கு அதில் பாதி விளங்குவதில்லை. இந்தக் கடைக்காரனைக் கட்டிக்கொண்டேனே என்று நீ என்றாவது நினைத்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது.”

ரோஷத்துக்குக் கீழே இருந்த வார்த்தை அதுதான். ஆட்டோ அல்ல, சிரிக்கும் முகமும் அல்ல. பத்து வருடங்களாக அவர் எவரிடமும் சொல்லாத வார்த்தை அது.

கேட்பவருக்கும் ஒரு கடமை இருக்கின்றது. இந்த இடத்தில் மூன்று பதில்கள் பேச்சைக் கொன்றுவிடும். ஒன்று சிரிப்பு. மற்றொன்று, “அப்படியென்றால் என்னை நம்பவில்லையா?” என்று உடனே எதிர்க்கேள்வி கேட்பது. மூன்றாவது, அந்த மூன்றாம் மனிதருக்காக வாதாடுவது: “அவர் எவ்வளவு நல்லவர் தெரியுமா?” அவர் நல்லவராகவே இருக்கட்டும், அந்த நேரத்தில் அது எரிகின்ற அடுப்பில் எண்ணெய். அந்தச் சகோதரி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்னர் சொன்னார்: “அப்படி நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நீங்கள் இரவில் என் ஃபோனைப் பார்ப்பது எனக்குத் தெரியும். அதுதான் எனக்கு வலித்தது. சண்டை வரும் என்றுதான் அழித்தேன். இனி அழிக்கமாட்டேன். நீங்களும் ஒளித்துப் பார்க்காதீர்கள். பார்க்க வேண்டும் என்றால் கேளுங்கள்.”

மனம் லேசானதும் பலர் இங்கேயே எழுந்துவிடுகிறார்கள். ஆறுதல் வார்த்தை இரண்டு நாளைக்குத்தான் தாங்கும். “என்னை நேசிக்கிறாயா, உண்மையாகவா?” என்று திரும்பத் திரும்பக் கேட்பவருக்கு ஒவ்வொரு பதிலும் முந்தியதை விடக் குறைந்த நேரமே போதுமாக இருக்கும். ஆகையால் கையால் தொடக்கூடிய ஓர் ஏற்பாடு வேண்டும். இவர்கள் இருவரும் உட்கார்ந்து பார்த்தபோது ஒரு விடயம் தெரிய வந்தது. மூத்த ஆசிரியை விடுமுறை எடுக்கும் நாட்களில் ஆட்டோவில் சாரதியைத் தவிர அந்த இருவர் மட்டுமே. அது அந்தச் சகோதரிக்கே சங்கடமாக இருந்திருக்கின்றது. சொன்னால் கணவர் வேலையையே விடச் சொல்லிவிடுவாரோ என்று வாய் திறக்கவில்லை. பாருங்கள், குற்றச்சாட்டு இருந்த வரையில், உண்மையாகக் கவனிக்க வேண்டியிருந்த ஒரே விடயத்தைப் பற்றிப் பேச முடியாமல் போயிருந்தது. அத்தகைய நாட்களில் தனியாக வேறொரு ஆட்டோவில் செல்வது, அந்த மேலதிகக் கூலியைக் கடையிலிருந்து கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் தொலைபேசிகளை வைத்துவிட்டு அவள் பாடசாலைக் கதையையும் இவர் கடைக் கதையையும் சொல்வது என்பது இரண்டாவது ஏற்பாடு. வேலையை விடுவது பற்றி எவரும் பேசவில்லை.

மனைவியர் இதைக் கணவருக்கு மட்டும் உரிய உபதேசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வங்கியிலோ தோட்டத்து ஆபீஸிலோ கணவரோடு வேலை செய்யும் பெண்ணைப் பார்த்து உங்கள் நெஞ்சில் முள் தைத்தால் இதே வழிதான். அங்கே ஒளிந்திருக்கும் வார்த்தை வேறாக இருக்கலாம்: “பிள்ளை பெற்ற பின் என் உடம்பு மாறிவிட்டது, நீங்கள் என்னைப் பார்ப்பதே இல்லை” என்பதாக இருக்கலாம். நபியவர்களின் இன்னொரு மனைவி அனுப்பிய உணவுப் பாத்திரத்தை ஆஇஷா (ரழி) அவர்கள் ரோஷத்தால் தட்டி உடைத்தபோது, நபியவர்கள் குனிந்து, சிந்திய உணவைத் தாமே பொறுக்கி எடுத்தார்கள். உங்கள் தாயாருக்கு ரோஷம் வந்துவிட்டது என்று அங்கிருந்தவர்களிடம் இலகுவாகச் சொன்னார்கள். பின்னர் உடைந்ததற்குப் பதிலாக நல்ல பாத்திரமொன்றைக் கொடுத்தனுப்பினார்கள். உணர்ச்சிக்குத் தண்டனை இல்லை. உடைந்த பாத்திரத்துக்கு ஈடு உண்டு.

நிச்சயதார்த்தம் முடிந்த வாலிபர்களுக்கு ஒரு சொல். பெண்ணின் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்குவது நேசத்தின் அடையாளம் என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டு வீட்டாரும் இதைக் கண்டும் காணாமல் இருக்கிறார்கள். நிகாஹுக்கு முன் துப்பறிபவர் நிகாஹுக்குப் பின் அதை நிறுத்துவார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இந்த வழிக்கும் ஓர் எல்லை உண்டு. தாளில் எழுதும்போது கண்டதே நீளுமானால், அதாவது தனிப்பட்ட செய்திகள் நள்ளிரவு வரை நீள்வதும், போன இடத்தைப் பற்றிச் சொன்னது பொய் என்று தெரிவதும், தனிமைச் சந்திப்புகள் நடப்பதும் உண்மையென்றால், அது காரணமுள்ள ரோஷம். அதையும் நேராகவே கேளுங்கள். கேட்டும் தீராவிட்டால் ஸூரத்துந் நிஸாவின் 35ஆம் வசனம் காட்டுகின்றபடி இரு குடும்பத்திலிருந்தும் நடுநிலையான ஒவ்வொருவரை அழையுங்கள். ஊரை அழைக்க வேண்டாம். நான்கு சாட்சிகள் இன்றி ஒரு பெண்ணின் கற்பின் மீது பழி சொல்வதற்கு ஸூரத்துந் நூர் எண்பது கசையடி விதித்திருக்கின்றது என்பதைச் சந்தையில் பேசுவோர் நினைவில் வைக்கட்டும்.

மறுபுறம், ரோஷம் என்ற பெயரில் அடிப்பதும், அறையில் பூட்டுவதும், சம்பள அட்டையைப் பறிப்பதும் பேசித் தீர்க்கும் விடயங்கள் அல்ல. அங்கே பாதிக்கப்பட்டவரைப் பார்த்து, “இன்னும் மென்மையாகப் பேசிப் பாருங்கள்” என்று சொல்வது அநீதி. 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். 1938 என்ற இலக்கத்தில் பெண்களுக்கான உதவித் தொலைபேசிச் சேவையும் இருக்கின்றது. பெற்றோர்களே, மகள் அழைத்தால் “பொறுத்துக்கொள்” என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அந்தப் புடவைக்கடைக்கே திரும்புவோம். இல்ல விளையாட்டுப் போட்டிக்குக் கொடித்துணி வாங்க அந்தக் கணித ஆசிரியர் ஒருநாள் கடைக்கு வந்தார். இவருக்கு நெஞ்சு ஒரு கணம் அடித்துக்கொண்டதாம். பிறகு துணியை அளந்து வெட்டி, விலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்து, தேநீரும் வரவழைத்தார். இரவு சாப்பாட்டுக்குப் பின் மனைவியிடம் சொன்னார்: “உங்கள் சேர் வந்தார். எங்கள் மூத்தவன் கணக்கில் பின்தங்கியிருப்பதைச் சொன்னேன். வாப்பாவும் மகனும் சேர்ந்து செய்து பார்க்கச் சொல்லிக் கொஞ்சம் கணக்கு எழுதித் தந்தார். அதில் முதலாவதே எனக்கு விளங்கவில்லை. நீதான் சொல்லித் தர வேண்டும்.”